வாளைக் கேட்டு ஒரு கடிதம்: ஆஷிகாகா அருங்காட்சியகமும் யமன்பாகிரி குனிஹிரோவும்

2017 மார்ச் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, ஜப்பானின் தோச்சிகி மாகாணத்தில் உள்ள ஆஷிகாகா நகரக் கலை அருங்காட்சியகத்துக்கு ஏறக்குறைய 38,000 பேர் வந்தார்கள். ஊரின் மக்கள்தொகையே ஒன்றரை லட்சத்தைச் சுற்றித்தான். வந்தவர்களில் பெரும்பாலோர் பார்க்க வந்தது ஒரே ஒரு வாளை. பெயர் யமன்பாகிரி குனிஹிரோ. சுமார் 70 சென்டிமீட்டர் நீளமுள்ள வாளலகு, 1590-இல் செய்தது, ஜப்பான் அரசு 'முக்கியப் பண்பாட்டுச் சொத்து' என்று அறிவித்தது. அப்போது அது அந்த நகரத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ சொந்தமில்லை, ஒரு தனியாரின் உடைமை.

இப்படி ஒரு பொருள் காட்சிக்கு வருவதற்கு முன்னால் யாரோ ஒரு காப்பாட்சியர் உட்கார்ந்து, முன்பின் பழகாத ஒருவரிடம் 'உங்கள் வாளைக் கொஞ்ச நாள் தாருங்கள்' என்று எழுத வேண்டியிருக்கிறது. அந்தக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை இந்த ஒரு வாளை வைத்தே பார்க்கப் போகிறேன். நடுவில் வரும் கடிதப் பத்திகள் நான் எழுதிப் பார்த்தவை, அந்த அருங்காட்சியகம் அனுப்பியவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் வரலாறும் விதிகளும் வாளின் உடல்நிலைக் கணக்குகளும் உண்மையானவை.

சேகரிப்பாளர் கடிதத்தைப் பிரித்ததும் மனதில் எழும் முதல் கேள்வி, 'என்னுடையது எதற்கு?' என்பதுதான். 'தங்கள் அரிய வாள் எங்கள் கண்காட்சிக்குப் பெருமை சேர்க்கும்' என்று எழுதினால் அதற்குப் பதில் கிடைக்காது. அந்த வரியை எந்த வாளுக்கும் எழுதலாம், அதனால் அவருக்கு அது எதையும் சொல்லாது. யமன்பாகிரி குனிஹிரோ விஷயத்தில் ஆஷிகாகாவுக்கு அசைக்க முடியாத ஒரு காரணம் இருந்தது. வாளின் கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் வால் பகுதியில், அதாவது நகாகோவில், ஒரு பக்கம் செய்தவர் பெயர்: கியூஷூ தீவின் ஹியூகாவைச் சேர்ந்த குனிஹிரோ. மறுபக்கம் தென்ஷோ ஆண்டு 18, அதாவது 1590, இரண்டாம் மாதம் என்ற தேதி, கூடவே செய்வித்தவர் பெயர், தைரா நோ அகினாகா. இந்த அகினாகாதான் ஆஷிகாகா கோட்டையின் தலைவர் நாகாவோ அகினாகா.

அவரிடம் ஏற்கெனவே பெருமை வாய்ந்த ஒரு வாள் இருந்தது. 14-ஆம் நூற்றாண்டில் பிசென் பகுதியின் ஒசாஃபூனேயில் சோகி என்ற கொல்லர் செய்தது. 1586-இல் ஹோஜோ குலத்தின் கோட்டை நகரமான ஒடவாராவுக்குப் போயிருந்தபோது அந்தக் குலத் தலைவர் அதை அகினாகாவுக்குக் கொடுத்தார். அந்த வாளை முன்மாதிரியாக வைத்துத்தான் குனிஹிரோ புதியதைச் செய்தார். பழையது இன்று நகோயாவில் உள்ள தோக்குகாவா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புதிய வாளில் தேதி வெட்டிச் சில மாதங்களுக்குள் நாட்டைத் தன் ஆட்சியில் ஒன்றுசேர்த்துவந்த தொயோதோமி ஹிதெயோஷியின் படை ஒடவாராவை வீழ்த்தியது. ஹோஜோ பக்கம் நின்ற அகினாகாவும் ஊரை இழந்தார். அதே ஆண்டு எட்டாம் மாதத்தில் குனிஹிரோ செய்த ஒரு குறுவாளில், 'ஆஷிகாகா பள்ளியில் அடித்தது' என்றே வெட்டியிருக்கிறார். இவ்வளவும் கையில் இருக்கும்போது கடிதத்தின் முதல் பத்தி தானாகவே அமைந்துவிடும்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்கள் பாதுகாத்துவரும் குனிஹிரோவின் வாளில், எங்கள் ஊர்க் கோட்டையின் கடைசி நாகாவோ தலைவரின் பெயர் இருக்கிறது. வாளில் தேதி வெட்டிய சில மாதங்களில் அவர் இந்த ஊரை இழந்தார். நாகாவோ குலத்தைப் பற்றி நாங்கள் நடத்தவிருக்கும் கண்காட்சியில், அந்த ஆண்டைச் சொல்ல எங்களிடம் ஏடுகள் உண்டு, ஓவியங்கள் உண்டு. அகினாகாவே செய்வித்த பொருள் என்று சொல்லத் தங்கள் வாள் ஒன்றுதான் இருக்கிறது. அதை நாற்பது நாட்களுக்கு மேற்படாமல் எங்களிடம் ஒப்படைக்க முடியுமா என்று கேட்டு இதை எழுதுகிறேன்."

கேட்க வந்ததை முதல் பத்தியிலேயே கேட்டாகிவிட்டது என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் பக்கம் வரை சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் கேட்பது மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். வாங்குபவருக்கு அது சங்கடத்தைத்தான் தரும். இன்னொன்று, இந்த வாளை 'நகல்' என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. முன்மாதிரியைப் பார்த்துச் செய்தது உண்மைதான். ஆனால் பழைய மாஸ்டரின் வேலையைத் தன் கையில் மறுபடி நிகழ்த்திக் காட்டுவது ஜப்பானிய வாள் மரபில் தனி மதிப்புள்ள காரியம். குனிஹிரோவின் மிகச் சிறந்த படைப்பாக இதைத்தான் பலரும் சொல்கிறார்கள். 'யமன்பாகிரி' என்ற பெயர் முதலில் எந்த வாளுக்கு உரியது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்தைக் கடிதத்தில் கிளறத் தேவையில்லை. விளக்க அட்டையின் வாசகத்தை அச்சுக்குப் போகும் முன் காட்டுவோம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

அடுத்து நாட்கணக்கு. பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் 1950-இல் வந்தது. அதன்படி, முக்கியப் பண்பாட்டுச் சொத்தை உரிமையாளர் அல்லாத ஒருவர் பொதுமக்களுக்குக் காட்சிப்படுத்த வேண்டுமானால், பண்பாட்டு விவகார முகமையின் தலைவரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். முகமை முன்கூட்டியே அங்கீகரித்து வைத்திருக்கும் இடங்களுக்கு மட்டும் சலுகை உண்டு, காட்சி முடிந்து 20 நாட்களுக்குள் தெரிவித்தால் போதும். அப்புறம், இத்தகைய பொருட்களை ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் இடம் மாற்றாமல், மொத்தம் 60 நாட்களுக்கு மேல் காட்டாமல் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் வழிகாட்டுதல். 2018-இல் அதைத் திருத்தியபோது உலோகம், கல் போன்றவற்றுக்குத் தளர்த்தினார்கள். ஆனால் 2017-இல் ஒரு காப்பாட்சியர் எழுதியிருந்தால் 60 நாட்களை மனதில் வைத்துத்தான் எழுதியாக வேண்டும்.

இதில் சேகரிப்பாளருக்கு நேரடி அக்கறை இருக்கிறது. அந்த 60 நாள் கணக்கில், நம் ஊரில் 40 நாள் வைத்துவிட்டால் அந்த ஆண்டில் வேறு அருங்காட்சியகத்துக்குத் தர அவரிடம் மிச்சம் 20 நாள்தான். அவருடைய ஆண்டுக் கணக்கில் நாம் எவ்வளவு எடுத்துக்கொள்கிறோம் என்பதைக் கடிதமே சொல்லிவிட வேண்டும். அனுமதி விண்ணப்பத்தை யார் தயாரிப்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பதில் எப்போதும் 'நாங்கள்' என்பதாகத்தான் இருக்க முடியும். இன்னொரு தாளையும் மறக்கக் கூடாது. 1958-ஆம் ஆண்டின் துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, ஜப்பானில் ஒவ்வொரு வாளுக்கும் மாகாணக் கல்வி வாரியம் தந்த பதிவுச் சான்று உண்டு. வாள் எங்கே போனாலும் அது கூடவே போக வேண்டும். 'சான்றையும் வாளோடு பெற்றுக்கொண்டு, வாளோடு திருப்பித் தருவோம்' என்று எழுதிவிட்டால், விஷயம் தெரிந்தவர்தான் எழுதுகிறார் என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

இனி நான் அதிகம் பேச விரும்பும் பகுதிக்கு வருகிறேன். வாளைச் சேகரிப்பவர் பயப்படுவது திருட்டுக்கு அவ்வளவாக இல்லை. துருவுக்குத்தான்.

ஜப்பானிய வாளலகு துரு ஏறக்கூடிய கார்பன் எஃகு. வீட்டில் இருக்கும்போது அதன் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். பூச்சு எதுவும் இல்லாத எளிய மரப் பெட்டகத்துக்குள், ஷிராசாயாவுக்குள், அது உறங்கும். காட்சிக்கு வைக்கும்போது அந்த எண்ணெயைத் துடைத்தெடுத்தாக வேண்டும். எண்ணெய் இருந்தால் எஃகின் மேல்பரப்பு மங்கிவிடும், வெட்டு விளிம்பை ஒட்டி ஓடும் வெண்ணிறக் கோடான ஹமோன் தெளிவாகத் தெரியாது. ஆக, காட்சி நடக்கும் நாட்கள் முழுக்க வாள் அதன் பாதுகாப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கிறது. அந்த நேரத்தில் யாராவது விரலை வைத்துவிட்டால், வியர்வையில் இருக்கும் உப்பு விரல்ரேகையின் வடிவிலேயே சில நாட்களில் துருவாகிவிடும். வாளின் அருகில் பேசும்போது தெறிக்கும் எச்சில் துளியும் அப்படியே. அதனால்தான் வாள் பார்க்கும் மரபில், கையில் அலகு இருக்கும்போது பேச்சே கிடையாது.

துரு வந்தால் தேய்த்துவிடலாமே என்று கேட்கலாம். தேய்க்கலாம், ஆனால் அதற்கென்று பயின்ற மெருகாளர் கல்லில் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எஃகு போகிறது. போனது போனதுதான். மீண்டும் மீண்டும் மெருகேற்றிய வாள் மெலிந்து, மேல்தோலுக்கு அடியில் இருக்கும் மென்மையான எஃகு வெளியே தெரிய ஆரம்பிக்கும். இப்போது காப்பீடு இதில் எவ்வளவு தூரம் உதவும் என்று பாருங்கள். காப்பீட்டு நிறுவனம் மெருகேற்றும் செலவைத் தரும், மதிப்புக் குறைவுக்கும் ஈடு தரலாம். 1590-இல் குனிஹிரோ வடித்த பரப்பை அதனால் திருப்பித் தர முடியாது. சேகரிப்பாளருக்கு இது நன்றாகவே தெரியும். 'முழுக் காப்பீடு செய்வோம், கவலை வேண்டாம்' என்று மட்டும் எழுதும் காப்பாட்சியரை அவர் நம்பத் தயங்குவது நியாயம்.

எனவே கடிதத்தின் நடுப்பகுதி, வாள் நம்மிடம் இருக்கும்போது அதற்கு என்னென்ன நடக்கும் என்று சொல்ல வேண்டும்:

"வாள் வந்த அன்று தங்கள் முன்னிலையிலோ தாங்கள் அனுப்புபவர் முன்னிலையிலோ அலகின் இரு பக்கங்களையும் முனையிலிருந்து அடிவரை படமெடுத்து, இருக்கும் ஒவ்வொரு குறியையும் நிலை அறிக்கையில் வரைந்து, இரு தரப்பும் கையெழுத்திடுவோம். எண்ணெயை நீக்கும் முறையைத் தாங்களே சொல்லுங்கள். பொடி தட்டித் துடைப்பதை விரும்புகிறீர்களா, மென்தாளும் நீரற்ற எத்தனாலும் மட்டும் போதுமா என்பது தங்கள் முடிவு. வால் பகுதியின் பழந்துருவைத் தொடவோ துடைக்கவோ மாட்டோம். காட்சிப் பேழைக்குள் ஈரப்பதம் 55 சதவீதத்துக்கு மேல் போகாது. அளவுக் கருவியின் பதிவை வாரந்தோறும் தங்களுக்கு அனுப்புவோம். காட்சி முடிந்த அன்றே எண்ணெய் பூசிப் பெட்டகத்தில் வைப்போம்."

எண்ணெய் நீக்குவதைப் பற்றி ஏன் அவரிடமே கேட்க வேண்டும்? கல்லைப் பொடித்துச் செய்த உச்சிகோ என்ற பொடியைத் துணிப் பொட்டலத்தில் கட்டி அலகில் தட்டித் துடைப்பது பழைய வழக்கம். ஆனால் அந்தப் பொடி மிக நுண்ணிய அளவிலாவது பரப்பை உரசுகிறது என்று பாதுகாப்பாளர்கள் பலர் இப்போது அதைத் தவிர்க்கிறார்கள். ஒரு சேகரிப்பாளர் எத்தனையோ ஆண்டுகளாகப் பொடி படாமல் வைத்திருக்கும் அலகில் நம் ஊழியர் வழக்கப்படி நாலு தட்டுத் தட்டிவிட்டால், அந்த உறவு அத்தோடு சரி. கேட்டுவிடுவதில் நமக்கு ஒன்றும் குறைவதில்லை.

பேழையைப் பற்றியும் ஒரு சொல். புதிதாகச் செய்த மரப் பேழையும் பசையும் சாயமும் சில காலம் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். மூடிய பேழைக்குள் அது எஃகுக்கு ஆகாது. புதுப் பேழை என்றால் எவ்வளவு முன்னதாகச் செய்து காற்றாட விட்டோம் என்பதை, அருங்காட்சியகத்தின் கட்டடமும் பேழைகளும் எப்படி இருக்கின்றன என்று சொல்லும் வசதி அறிக்கையில் குறிக்க வேண்டும். வெளிச்சம் எஃகைக் கெடுப்பதில்லை, விளக்கின் சூடு பேழைக்குள் சேருவதைத்தான் தடுக்க வேண்டும். ஆனால் வெளிச்சம் விழும் கோணம் சேகரிப்பாளருக்கு மிக முக்கியம். பரவலான வெளிச்சத்தில் வாள் வெறும் சாம்பல் நிறக் கம்பி மாதிரித்தான் தெரியும். புள்ளி போன்ற ஒற்றை விளக்கைச் சரியான உயரத்தில் வைத்தால்தான் ஹமோன் எழுந்து நிற்கும். அதன் அழகை வருஷக்கணக்காக வீட்டு விளக்கில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தவர் அவர். திறப்புக்கு முந்தைய நாள் வந்து விளக்கைத் தாங்களே சரிபார்க்கலாம் என்று அழைத்தால், பல பக்க உத்தரவாதங்களைவிட அவருக்கு அது நெருக்கமாகப் படும்.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கலைப்பொருளுக்கான வண்டி, கூடவே காப்பாட்சியர், நடுவில் நிறுத்தம் இல்லை, வாள் ஷிராசாயாவிலேயே பயணம் செய்யும், அலகைக் கைப்பிடியோடு பிணைக்கும் மூங்கில் ஆணியான மெக்குகியைக் கழற்றுவதும் மாட்டுவதும் பெயர் சொல்லிக் குறித்த ஒருவர் மட்டுமே. அந்த ஒருவர் யார், வாள் கையாள்வதில் அவர் பயிற்சி என்ன என்பதை இணைப்பில் கொடுத்தால் போதும்.

காப்பீட்டில் நின்று பேச வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. வாள் உரிமையாளர் வீட்டுச் சுவரை விட்டு நகர்ந்த நொடியிலிருந்து மறுபடி அங்கே போய்ச் சேரும் நொடி வரை பாதுகாப்பு இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். மதிப்பை உரிமையாளர்தான் சொல்ல வேண்டும். காப்பாட்சியர் ஒரு தொகையை எழுதி அனுப்புவது, விலை பேசுவதைப் போல ஆகிவிடும். ஜப்பானில் கூடுதலாக நிலநடுக்கம் இருக்கிறது. சாதாரண பாலிசிகள் பெரும்பாலும் அதை விலக்கிவைக்கும், தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். இந்த வாளிலோ அந்தக் கேள்விக்கு இன்னும் கனம் அதிகம். 1923-ஆம் ஆண்டுப் பெரும் கான்டோ நிலநடுக்கத்தில் இது எரிந்துபோய்விட்டதாகவே நெடுங்காலம் கருதியிருந்தார்கள். பிற்பாடு பத்திரமாக இருப்பது தெரியவந்து, 1962-இல்தான் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தார்கள். ஆஷிகாகாவும் அதே கான்டோ சமவெளியில்தான் இருக்கிறது. பேழைக்கு அடியில் அதிர்வு தாங்கும் தளம் உண்டா, வாளைத் தாங்கியில் நைலான் இழையால் எப்படிக் கட்டுவோம், பாலிசியில் நிலநடுக்கம் எந்த வரம்புவரை சேர்ந்திருக்கிறது என்ற மூன்றையும் அவர் கேட்கும்முன் நாமே சொல்வதுதான் முறை. வரம்பு குறைவாக இருந்தால் குறைவு என்றே எழுத வேண்டும். பின்னால் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தில் அவர் அதைக் கண்டுபிடிக்க விடக் கூடாது.

அடுத்தது கூட்டம். 2015-இல் வெளிவந்த 'தோகென் ரன்பு' என்ற கணினி விளையாட்டு, பழைய புகழ்பெற்ற வாள்களை இளைஞர் உருவங்களாக மாற்றியது. யமன்பாகிரி குனிஹிரோவும் அதில் ஒரு பாத்திரம். அதை விளையாடி வாள்களின் மேல் ஆர்வம் கொண்ட ரசிகர்கள், பெரும்பாலும் இளம் பெண்கள், நாடெங்கிலுமிருந்து உண்மையான வாளைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். அந்த ஆர்வத்தை நான் மனமார மதிக்கிறேன். வரலாற்றுப் பாடத்தால் செய்ய முடியாததை அது செய்தது. ஆனால் கடிதம் எழுதுபவர் அதை மறைக்கக் கூடாது. அமைதியான சின்ன ஊர் அருங்காட்சியகம் என்று நினைத்து வாளைத் தந்த உரிமையாளர், திறப்பு நாளில் தெருக்கோடி வரை நீளும் வரிசையைத் தொலைக்காட்சியில் பார்த்து அதிர்ந்துபோகக் கூடாது.

"இந்த வாளைப் பார்க்க வழக்கத்தைவிடப் பல மடங்கு பேர் வருவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். பேழைக்கு முன் தடுப்பு வைத்து, வரிசையில் சிறு சிறு குழுக்களாக அனுப்புவோம். பார்வையாளர்கள் படமெடுக்கலாமா என்பதைத் தாங்கள் முடிவு செய்யுங்கள். நினைவுப் பொருட்களில் வாளின் படத்தைப் பயன்படுத்த விரும்பினால், ஒவ்வொரு பொருளுக்கும் தனியே அனுமதி கேட்போம். விளக்க அட்டையிலும் நூலிலும் 'தனியார் சேகரிப்பு' என்று மட்டும் இருக்கும். தங்கள் பெயரும் ஊரும் எங்கள் அலுவலகத்தில் இருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும்."

கடைசி வாக்கியம் சடங்குக்காக எழுதியது என்று நினைத்துவிட வேண்டாம். புகழ்பெற்ற வாள் யார் வீட்டில் இருக்கிறது என்பது வெளியே கசிந்தால், கண்காட்சி முடிந்த பிறகு அந்த வீட்டின் நிம்மதி போய்விடும். அதனால் பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டு, வண்டிக்காரரின் ரசீது, நிலை அறிக்கையின் தலைப்பு என்று எங்கெல்லாம் பெயர் வரும் என்று யோசித்து, அங்கெல்லாம் எண்ணைப் போட்டுவிட வேண்டும்.

இவ்வளவையும் சேர்த்தாலும் கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. வசதி அறிக்கை, பேழையின் படம், காப்பீட்டு நிபந்தனைகள், மாதிரி ஒப்பந்தம் எல்லாம் இணைப்பாகப் போகட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்டு முதல் கடிதத்தோடு அனுப்புவது தவறு, 'மாதிரி' என்று தெளிவாக எழுதி அனுப்பலாம். இன்ன தேதிக்குள் பதில் வேண்டும் என்று கெடு வைப்பதைவிட, அனுமதி விண்ணப்பத்துக்கு எத்தனை மாதம் பிடிக்கும் என்று சொல்லிவிட்டால் கெடு அதிலேயே அடங்கிவிடும். மறுத்தால் மனத்தாங்கல் இல்லை என்றும் ஒரு வரி வேண்டும். இன்று மறுத்தவர் ஐந்து ஆண்டுகள் கழித்துத் தருவது இந்தத் துறையில் சாதாரணம்.

வாள் திரும்பிய பிறகு இன்னொரு கடிதம் போக வேண்டும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். நன்றி மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள். வந்த நாளின் நிலை அறிக்கையும் போன நாளின் நிலை அறிக்கையும் பக்கத்தில் பக்கத்தில், ஈரப்பதப் பதிவு முழுவதும், எண்ணெய் பூசிய நாள், பூசியவர் பெயர், எடுத்த படங்களின் பிரதி, எல்லாம் அதோடு போக வேண்டும். ஏதாவது ஒரு நாள் குளிரூட்டி நின்று ஈரப்பதம் ஏறியிருந்தால் அதுவும் அந்தப் பதிவில் இருக்க வேண்டும். பிற்காலத்தில் அலகில் ஒரு புள்ளி தெரிந்தால், அது எப்போது வந்தது என்று சொல்ல உரிமையாளரிடம் இருக்கப்போகும் ஒரே ஆவணம் இதுதான்.

ஆஷிகாகாவில் கதை 2017-உடன் முடியவில்லை. 2022 தொடக்கத்தில் நாகாவோ குலத்தைப் பற்றிய கண்காட்சிக்காக அதே வாள் அதே அருங்காட்சியகத்துக்கு மறுபடி வந்தது. பெருந்தொற்றுக் காலம் என்பதால் இந்த முறை முன்பதிவு முறை. அதன் பிறகு நகரம் வாளை நிரந்தரமாகப் பெற முயன்றது, பொதுமக்களிடமும் நன்கொடை திரட்டினார்கள். 2024-இல் ஆஷிகாகா நகர மக்கள் பண்பாட்டு அறக்கட்டளை 30 கோடி யென்னுக்கு அதை வாங்கியது. இரண்டு முறை இரவலாக வந்து பத்திரமாகத் திரும்பிய வாள், மூன்றாம் முறை அகினாகா ஊரிலேயே தங்கிவிட்டது. இனி அதைப் பிற ஊர்கள் காட்சிக்குக் கேட்டால், அந்தக் கடிதங்கள் வந்து சேரப்போவது ஆஷிகாகாவுக்குத்தான்.